ரிமோட் தொலைந்த தொலைக்காட்சிக்குப் பழைய வீட்டு வைஃபையைக் காட்டிய அனுபவம்

தாம்பரத்தில் பல ஆண்டுகள் குடியிருந்த என் பெற்றோர் சென்ற ஆண்டு ஆவணியில் கும்பகோணத்து வீட்டுக்கே திரும்பினார்கள். தொலைக்காட்சி வாங்கி மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. வாங்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் லாரியில் ஒரு கீறல்கூட விழாமல் அது வந்து சேர்ந்தது. ரிமோட் மட்டும் வரவில்லை. பாத்திர மூட்டைகளையும் துணிப் பைகளையும் இரண்டு முறை கொட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது, நான் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கைப்பேசியையே ரிமோட்டாக மாற்றும் செயலி இருக்கும்போது என்ன கவலை என்றுதான் நினைத்தேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆண்ட்ராய்டு வகைத் தொலைக்காட்சியைக் கைப்பேசியால் இயக்கும் கூகுள் டிவி செயலி, கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஒரே வலையமைப்பில் இருந்தால் மட்டுமே தொலைக்காட்சியைக் கண்டுபிடிக்கும். எங்கள் தொலைக்காட்சியோ தாம்பரத்து வைஃபையின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தது. புதிய வீட்டு வைஃபையில் சேர்க்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போக வேண்டும். அதற்கு ரிமோட் வேண்டும். ரிமோட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டுமானால், தொலைக்காட்சி ஏற்கெனவே வைஃபையில் இருந்தாக வேண்டும். இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்பதுதான் கேள்வி.

அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் வசதி உள்ள கைப்பேசி ஒன்று வீட்டில் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளி போல அது இருக்கும். அதற்கு வலையமைப்பே தேவையில்லை. அப்பாவின் கைப்பேசியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் அது இல்லை.

முதலில் தொலைக்காட்சியிலேயே உள்ள பொத்தானைத் தேடச் சொன்னேன். இப்போதைய தொலைக்காட்சிகளில் பழைய பெட்டிகளைப் போல வரிசையாக ஆறு பொத்தான்கள் இருப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் முன்பக்கத்தில் தெரியாது. கீழ் விளிம்பின் நடுவில், நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும் இடத்துக்கு நேர் அடியிலோ, பின்புறம் ஒரு மூலையிலோ விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா நடுவில் தடவிக் கண்டுபிடித்தார். ஒருமுறை மெதுவாக அழுத்தியதும் திரையின் ஓரத்தில் சிறிய பட்டியல் தோன்றியது. மறுபடி மறுபடி அழுத்தினால் அடுத்தடுத்த வரிக்கு நகர்கிறது. இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தவை ஒலியைக் கூட்டுவது, குறைப்பது, சேனல் மாற்றுவது, உள்ளீட்டை மாற்றுவது, அணைப்பது ஆகியவை மட்டுமே. அமைப்புகளுக்குள் போகும் வழி அதில் இல்லை.

இருந்தாலும் அந்தப் பொத்தான் அன்றைய மாலையைக் காப்பாற்றியது. உள்ளீட்டைச் செட்டாப் பாக்ஸ் செருகியிருந்த HDMI 1-க்கு மாற்ற முடிந்தது. அதன்பின் செட்டாப் பாக்ஸுக்கே உரிய ரிமோட்டால் சேனல்களைப் பார்க்கலாம். ஏழு மணிச் செய்தி வந்துவிட்டதால் அப்பாவுக்கு அவசரம் நீங்கியது. இதே நிலையில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் இதைச் செய்துவிட வேண்டும் என்று சொல்வேன், ஏனென்றால் அவசரம் தீர்ந்த பிறகுதான் மற்றவற்றை நிதானமாகச் செய்ய முடிகிறது. சில தொலைக்காட்சிகளில் பொத்தானுக்குப் பதிலாக நான்கு பக்கமும் சாயும் சிறிய குமிழ் இருக்கும். அந்த வகையில் சிலவற்றில் முழு அமைப்புப் பட்டியலுக்குள்ளும் போக முடியும் என்பதால், அதை ஒருமுறை முழுமையாக முயன்று பார்ப்பது நல்லது.

யூ.எஸ்.பி. மவுஸ் ஒன்று இருந்திருந்தால் அடுத்ததாக அதைச் செருகச் சொல்லியிருப்பேன். ஆண்ட்ராய்டு வகைத் தொலைக்காட்சியில் மவுஸைச் செருகியதும் திரையில் அம்புக்குறி வந்துவிடும். இடப்புறச் சொடுக்கில் தேர்வு, வலப்புறச் சொடுக்கில் பின்செல்லுதல். பெட்டியை இப்போதுதான் பிரித்து, முதல் முறை அமைக்கும் திரையிலேயே ரிமோட் இல்லாமல் நிற்பவர்களுக்கு இதுதான் நேர்வழி, ஏனென்றால் முதல் அமைப்பு முடியாத தொலைக்காட்சிக்கு நினைவில் எந்த வைஃபையும் இருக்காது. நான் கீழே சொல்லும் வழி அங்கே பயன்படாது. அன்று ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் தெருவை ஒட்டிய கணினிக் கடைகள் மூடியிருந்தன. அதனால் நான் சென்னையில் இருந்துகொண்டே தொலைபேசி வழியாக வேறு வழியைத் தேட வேண்டியதாயிற்று.

தொலைக்காட்சி தாம்பரத்து வைஃபையைத்தான் தேடுகிறது என்றால், அதையே அதன் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடலாமே என்று அப்போது தோன்றியது. தொலைக்காட்சி ஒரு வைஃபையை அடையாளம் காண்பது அதன் பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல் ஆகிய மூன்றையும் கொண்டுதான். ரவுட்டர் எந்த ஊரில் இருக்கிறது, எந்த நிறுவனத்துடையது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்தால், தொலைக்காட்சி யாரும் எதையும் அழுத்தாமலேயே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் அமைப்பைத் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பாதுகாப்பு வகையை WPA2 என்று வைக்கச் சொன்னேன், தாம்பரத்து ரவுட்டர் அதில்தான் இருந்தது. தொலைக்காட்சியைச் சுவர் சுவிட்சில் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொன்னேன். அப்போதுதான் அது புதிதாகத் தேடத் தொடங்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்த கருவிகளின் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்தது. அந்த எண்ணிக்கைதான் இங்கே நம்பத்தக்க அடையாளம்; தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரிய வராது.

இரண்டு தவறுகள் இருந்தன. முதலாவது என்னுடைய நினைவு. பெயரின் நடுவில் ஒரு பெரிய எழுத்து இருந்ததை நான் சிறிய எழுத்தாகச் சொல்லியிருந்தேன். அம்மாவின் கைப்பேசியில் பழைய வைஃபை இன்னும் சேமிப்பில் இருந்தது. வைஃபை அமைப்பில் சேமித்த வலையமைப்புகளின் பட்டியலுக்குப் போய், அந்தப் பெயரைத் தொட்டு, பகிர்வதற்கான குறியை அழுத்தி, திரைப்பூட்டின் எண்ணைக் கொடுத்தால், கியூ.ஆர். குறியீடு வந்து அதன் அடியில் கடவுச்சொல்லும் எழுத்தாகவே தெரிகிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவிலிருந்து எழுதாமல் அங்கிருந்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது தவறு அலைவரிசை. அப்பாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியின் வைஃபையோ 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் கேட்கக்கூடியது. விலை குறைந்த தொலைக்காட்சிகளில் இது பரவலாக உண்டு; பெட்டியின் மீதோ கையேட்டிலோ வைஃபை என்ற வரியில் 802.11 b/g/n என்று மட்டும் போட்டு 5 கிகாஹெர்ட்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். கைப்பேசிக்குக் கைப்பேசி இந்த அமைப்பின் பெயர் மாறுகிறது. சிலவற்றில் நேரடியாக 2.4 GHz என்று தேர்ந்தெடுக்கலாம்; சிலவற்றில் Extend compatibility என்ற விசையை இயக்க வேண்டும். ஐபோனில் Maximise Compatibility என்று இருக்கும். அதில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாகப் பெயர் வைக்க முடியாது, கைப்பேசியின் பெயரையே மாற்ற வேண்டும், கருவி சேரும்வரை ஹாட்ஸ்பாட் திரையை மூடாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

இரண்டையும் திருத்தித் தொலைக்காட்சியை மறுபடி அணைத்துப் போட்டதும், ஒரு நிமிடத்துக்குள் எண்ணிக்கை ஒன்று ஆனது. "ஒண்ணு வந்துடுச்சுடா!" என்று அப்பா உரக்கச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்து, ஹாட்ஸ்பாட் கொடுக்கும் கைப்பேசியையே ரிமோட்டாக வைத்துக்கொள்ள முயலாமல் இன்னொரு கைப்பேசியை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, அதில் செயலியைத் திறக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் கைப்பேசியிலிருந்தே தேடினால் சில கருவிகளில் தொலைக்காட்சி அகப்படும், சிலவற்றில் அகப்படாது. அந்தச் சோதனையில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அம்மாவின் கைப்பேசியைச் சேர்த்து, செயலியில் ரிமோட் குறியைத் தொட்டதும் தொலைக்காட்சியின் பெயர் வந்தது. அதைத் தொட்டால் தொலைக்காட்சித் திரையில் ஆறு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று தோன்றுகிறது; அதைக் கைப்பேசியில் தட்டினால் இணைப்பு உறுதியாகிறது. செட்டாப் பாக்ஸ் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் அந்தக் குறியீடு வந்ததால் எங்களுக்கு இடையூறு ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நாட்களாக இணையம் காணாத தொலைக்காட்சி, ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் தன் செயலிகளையெல்லாம் புதுப்பிக்கத் தொடங்கிவிடும். கால் மணி நேரத்தில் அப்பாவின் அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. கைப்பேசியை ரிமோட்டாகப் பயன்படுத்த இணையமே தேவையில்லை; இரண்டு கருவிகளும் ஹாட்ஸ்பாட்டுக்குள் பேசிக்கொண்டால் போதும். ஆகவே குறியீடு கொடுத்து இணைந்த பிறகு அப்பாவின் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை மட்டும் அணைக்கச் சொன்னேன். ஹாட்ஸ்பாட் தொடர்ந்து ஓடியது. இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரலாமா என்று அம்மாவின் கைப்பேசி கேட்டதற்குத் தொடரலாம் என்று சொல்லிவிட்டு, அதிலும் மொபைல் டேட்டாவை அணைத்தோம். இல்லாவிட்டால் அது வைஃபையை ஒதுக்கிவிட்டு மொபைல் டேட்டாவின் பக்கம் போய்விடும். ரிமோட் பாதியில் செத்துவிடும்.

இனி அமைப்புகளுக்குள் போய்ப் புதிய வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுப்பதுதான் பாக்கி. கடவுச்சொல்லை அம்மா கைப்பேசியின் விசைப்பலகையிலேயே தட்ட முடிந்தது. ஆனால் தொலைக்காட்சி இணைய மறுத்தது. மூன்று முறை கவனமாகத் தட்டியும் இணைக்க முடியவில்லை என்றே சொன்னது; ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் கழித்துத் தானாகவே ஹாட்ஸ்பாட்டுக்குத் திரும்பி வந்தது. அது திரும்பி வந்ததற்குக் காரணம், பழைய வைஃபையை நாங்கள் நினைவிலிருந்து நீக்காமல் விட்டதுதான். சுத்தம் செய்கிறோம் என்று எண்ணி Forget என்பதை யாராவது அழுத்தியிருந்தால், ஏறிவந்த ஏணியை நாங்களே தள்ளிவிட்டிருப்போம். புதிய வைஃபையில் தொலைக்காட்சி உறுதியாக ஓரிரு நாள் நிற்கும்வரை பழைய பெயரைத் தொடவே கூடாது.

இந்தத் தோல்வி இன்னொன்றையும் தெளிவாக்கியது. ஹாட்ஸ்பாட்டில் தொலைக்காட்சி சிரமமின்றிச் சேர்ந்துவிட்டதால், அதன் வைஃபை வன்பொருள் நன்றாக இருக்கிறது. ஆகவே குறை ரவுட்டரின் அமைப்பில்தான் இருக்க வேண்டும். தொலைக்காட்சி வைஃபையில் சேரவில்லை என்று சேவை மையத்துக்குப் போன் செய்வதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், யாரை அழைப்பது என்ற குழப்பமே இருக்காது. ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால்தான் தொலைக்காட்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

சனிக்கிழமை கும்பகோணத்துக்கே போனேன். ரவுட்டரின் வைஃபையில் கைப்பேசியைச் சேர்த்து, உலாவியில் 192.168.1.1 என்று தட்டி, நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனதும் காரணம் தெரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னால் அந்த ரவுட்டரை அமைத்தபோது, பாதுகாப்பு கூடுதலாக இருக்கட்டும் என்று நானே WPA3 மட்டும் என்று வைத்திருந்தேன். கைப்பேசிகள் அதைப் புரிந்துகொண்டன. தொலைக்காட்சி WPA2 வரைக்கும்தான் அறிந்தது. பெயரைப் பட்டியலில் காட்டும், கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் சேர முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸின் பெயரை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் பாதுகாப்பை WPA2-PSK என்றும், அதன் உட்பிரிவை AES என்றும் மாற்றினேன். 5 கிகாஹெர்ட்ஸ் WPA3-லேயே இருந்தது. WPA2/WPA3 என்ற கலப்பு முறை பல ரவுட்டர்களில் உண்டு, பல கருவிகளுக்கு அதுவே போதும்; நான் சந்தேகத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. மாற்றிச் சேமித்த பிறகு தொலைக்காட்சி முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. அம்மாவின் கைப்பேசியையும் வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் செயலி தொலைக்காட்சியைக் கண்டுகொண்டது. குறியீட்டை மறுபடி கேட்கவில்லை, ஏனென்றால் முதல் இணைப்பு இரண்டு கருவிகளின் நினைவிலும் இருக்கிறது.

போகும்போது பத்து மீட்டர் லேன் கேபிள் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், ரவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே கேபிள் இழுக்க வசதி இருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் செய்யாமல் இதையே முதலில் செய்யலாம். எங்கள் தொலைக்காட்சியில் கேபிளின் ஒரு முனையை ரவுட்டரின் LAN துளையிலும் மறுமுனையைப் பின்புறத் துளையிலும் செருகியதும், அது தனக்கு ஒரு முகவரியைத் தானே வாங்கிக்கொண்டது. பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். துளையின் அருகில் உள்ள சிறிய விளக்கு மின்னினால் கேபிளில் குறை இல்லை என்று பொருள். ரவுட்டரின் பக்கத்தில் அந்த விளக்கைப் பார்ப்பது எளிது. தொலைக்காட்சிகளில் இந்தத் துளை பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட் வரைக்கும்தான் தரும். 4கே படத்துக்கே 25 போதும் என்பதால் அது குறையாகத் தெரிவதில்லை. ரவுட்டர் கூடத்திலும் தொலைக்காட்சி உள்ளறையிலும் இருந்ததால் நிலைப்படியை ஒட்டிக் கேபிளைப் பதித்தேன்.

கேபிள் வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நாங்கள் பட்டபாட்டைக் கேட்டுவிட்டு, கேபிள் செருகியும் கைப்பேசி தொலைக்காட்சியைக் காணவில்லை என்று என் சித்தி அழைத்தார். அவர் வீட்டு மாடியில், வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வைத்திருந்தார்கள். கேபிள் கீழே உள்ள ரவுட்டரில் இருந்தது. அவருடைய கைப்பேசி மாடி ரவுட்டரின் வைஃபையில் இருந்தது. இரண்டும் ஒரே இணையத்தைத் தந்தாலும் வெவ்வேறு வலையமைப்புகள். கைப்பேசியின் வைஃபை விவரத்தில் அதன் முகவரி 192.168.0 என்று தொடங்கியது. கீழே உள்ள ரவுட்டர் தரும் முகவரிகளோ 192.168.1 என்று தொடங்கின. கைப்பேசியைக் கீழே உள்ள வைஃபைக்கு மாற்றியதும் தொலைக்காட்சி தெரிந்தது. விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கும் வைஃபையில் கைப்பேசி இருந்தாலும் இதே கதைதான். அதில் இருக்கும் கருவிகள் மற்றக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஒரு வாரம் கழித்து, அந்த மாடலுக்குப் பொருந்தும் மாற்று ரிமோட்டை வாங்கிக் கொடுத்தேன். வழக்கமான பொத்தான்கள் அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதால் மின்கலம் போட்டவுடன் வேலை செய்தன. குரலால் தேடும் பொத்தான் புளூடூத்தில் இயங்குவது. தொலைக்காட்சியின் அமைப்பில் ரிமோட்டைச் சேர்க்கும் பகுதிக்குப் போய்த் தனியாக இணைத்த பிறகே அது வேலை செய்தது.

அம்மா இப்போதும் கைப்பேசியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார். படத்தின் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடுவது அவருக்குப் பழகிவிட்டது. மின்சாரம் போய் வரும் நாட்களில் மட்டும் அது கைகொடுப்பதில்லை. அப்போது எங்கள் தொலைக்காட்சி சிவப்பு விளக்கோடு உறக்கத்தில் இருக்கும். வலையமைப்பில் இன்னும் சேர்ந்திருக்காது, ஆகவே கைப்பேசி எழுப்பினாலும் அதற்குக் கேட்காது. அந்த நேரத்தில் அவர் எழுந்து போய், கீழ் விளிம்பின் நடுவில் இருக்கும் பொத்தானை விரலால் தடவி ஒருமுறை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.